எண்பது மார்க்கில் யாருக்கு எவ்வளவு?

மார்ச் கடைசியில் தமிழ்நாட்டின் ஏதாவதொரு பொறியியல் கல்லூரியில் ப்ராஜெக்ட் ரிவ்யூ நடக்கும் அறையை எட்டிப் பார்த்தால் இந்தக் காட்சி தப்பாமல் கிடைக்கும். மேசைமேல் ஒரு பிளைவுட் பலகை. அதில் ஆர்டுயினோ போர்டு, ரிலே, கையடக்கமான ஒரு பம்ப். பக்கத்தில் மண் நிரப்பிய தொட்டி, மண்ணில் குத்தி நிற்கும் ஈரப்பத சென்சார். தானாகவே செடிக்குத் தண்ணீர் விடும் கருவி. பலகைக்குப் பின்னால் இஸ்திரி போட்ட உடையில் நான்கு பேர். ஒருவர் விளக்குகிறார். ஒருவர் லேப்டாப்பில் ஸ்லைடு நகர்த்துகிறார். மூன்றாமவர் ரிப்போர்ட்டை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறார். நான்காமவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டதும் மூன்று தலைகள் ஒரே பக்கமாகத் திரும்புகின்றன.

கருவி வேலை செய்கிறது. ரிப்போர்ட் ஒழுங்காக இருக்கிறது. நூற்றுக்கு 80 போடலாம். ஆனால் அந்த எண்பது யாருடையது?

கைடுக்கு நிலவரம் ஓரளவு தெரியும். நிரூபிக்க வழியில்லை. எனவே நான்கு பேருக்கும் 80 என்று எழுதி முடிப்பது ஒரு பழக்கம். முகத்தைப் பார்த்து 83, 81, 80, 76 என்று கொஞ்சம் ஏற்றி இறக்குவது இன்னொரு பழக்கம். முதலாவதில் ஓசியில் வந்தவரும் உழைத்தவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். இரண்டாவது நியாயம்போலத் தெரிந்தாலும், அந்த மார்க் வித்தியாசத்துக்குக் காரணம் கேட்டால் கைடிடம் பதில் இருக்காது. நன்றாகப் பேசியவர் மேலே போயிருப்பார், அவ்வளவுதான்.

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைப் பிடித்திருக்கும் எல்லோரும் இழுக்கிறார்களா என்பதை யாரும் அளப்பதில்லை. பிரான்சில் ஒருவர் அளந்தார். மாக்ஸ் ரிங்கல்மான் ஒரு வேளாண் பொறியாளர். 1880களில் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து, எவ்வளவு விசை வருகிறது என்று கருவியில் குறித்துக்கொண்டார். 1913இல் வெளியிட்ட முடிவின் சாரம் இது: தனியாக இழுக்கும் ஒருவரின் பலத்தை நூறு என்று வைத்தால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது தலைக்கு ஏறக்குறைய பாதிதான் வருகிறது.

மீதிப் பாதி எங்கே போனது? இரண்டு காரணங்கள் இருக்கலாம். எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததால் விசை சிதறியிருக்கலாம். அல்லது, மற்றவர் இழுப்பார் என்று ஒவ்வொருவரும் கொஞ்சம் கையைத் தளர்த்தியிருக்கலாம். 1974இல் அமெரிக்க உளவியலாளர்கள் இவை இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு தந்திரம் செய்தார்கள். கயிறு இழுப்பவரின் கண்ணைக் கட்டிவிட்டு, பின்னால் இன்னும் சிலர் இழுப்பதாக நம்பவைத்தார்கள். உண்மையில் அவர் ஒருவர்தான் இழுத்தார். அப்போதும் விசை குறைந்தது. சிதறுவதற்கு அங்கே வேறு ஆளே இல்லை. தளர்ந்தது அவர் கைதான்.

ரிவ்யூ அறைக்குத் தேவையான பாடம் அதற்கடுத்துக் கிடைத்தது. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் ஆகிய மூவரும் மாணவர்களைக் கூட்டமாகக் கத்தவும் கைதட்டவும் வைத்து 1979இல் இதே தளர்ச்சியைக் காட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து இன்னொன்றையும் சோதித்தார்கள். கூட்டமாகக் கத்தினாலும் ஒவ்வொருவர் குரலும் தனியாகப் பதிவாகிறது என்று மாணவர்களிடம் முன்கூட்டியே சொன்னபோது அந்தத் தளர்ச்சி மறைந்துவிட்டது. கூட்டம் சின்னதாகவில்லை, வேலை மாறவில்லை. தன் பங்கு தெரியும் என்ற ஒன்று மட்டுமே சேர்ந்தது. பங்கைப் பிரித்து அளப்பது கடைசியில் மார்க் போடுவதற்கு மட்டும் உதவும் வேலையல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. அளக்கப்போகிறோம் என்று ஜூலையிலேயே சொல்லிவிட்டால், மார்ச்சில் கடிகாரத்தைப் பார்க்கும் ஆள் குறைவார்.

சரி, எப்படி அளப்பது? வேலையைக் கூடவே இருந்து பார்த்தவர்கள் அந்த நான்கு பேர்தான். கைடு வாரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் பார்க்கிறார். எனவே நான்கு பேரையும் ஒருவரையொருவர் மதிப்பிடவைப்பதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. எடின்பரோவின் நேப்பியர் பாலிடெக்னிக்கில் கோல்ட்ஃபின்ச், ரேசைட் இருவரும் 1990இலேயே இப்படியொரு முறையை எழுதி வெளியிட்டார்கள். அதற்குப் பின் வந்தவற்றில் அதிகம் பேசப்படுவது இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் உருவான வெப்பிஏ என்ற முறை. அதற்கென மென்பொருள் இருக்கிறது என்றாலும், ஒரு காகிதமும் கால்குலேட்டரும் போதும்.

நமது பிளைவுட் பலகை பேட்ச்சையே வைத்துக் கணக்குப் போடலாம். இது கற்பனை பேட்ச்தான். பெயர் வேண்டாம், அவரவர் வேலையாலேயே கூப்பிடுவோம்: சர்க்யூட் போட்டவர், கோடு எழுதியவர், ரிப்போர்ட் எழுதிய பெண், கடைசியில் வந்து நின்றவர்.

தன்னையும் சேர்த்து நால்வருக்கும் ஒவ்வொருவரும் ஐந்துக்கு மார்க் போட வேண்டும். மற்றவர் பார்க்காமல், தனித்தனியாக. சர்க்யூட்காரர் தனக்கு 4, கோடுக்காரருக்கு 5, ரிப்போர்ட் பெண்ணுக்கு 5, கடைசி ஆளுக்கு 2 போடுகிறார். மொத்தம் 16. கோடுக்காரர் கொஞ்சம் கறார்: தனக்கு 3, சர்க்யூட்டுக்கு 3, ரிப்போர்ட்டுக்கு 3, கடைசி ஆளுக்கு 1. மொத்தம் 10. ரிப்போர்ட் பெண் தனக்கு 4, மற்ற இருவருக்கும் 5, கடைசி ஆளுக்கு 2. மொத்தம் 16. கடைசியில் வந்தவர் பெருந்தன்மைக்காரர், தன்னையும் சேர்த்து எல்லோருக்கும் 5. மொத்தம் 20.

இந்த எண்களை அப்படியே கூட்டினால் தப்பாகப் போகும். இருபதை அள்ளிக் கொடுத்தவரின் குரல் பத்தைக் கொடுத்தவரின் குரலைவிட இரண்டு மடங்கு ஓங்கிவிடும். வெப்பிஏயின் கெட்டிக்காரத்தனம் இந்த இடத்தில்தான். ஒருவர் போட்ட ஒவ்வொரு மார்க்கையும் அவர் போட்ட மொத்தத்தால் வகுத்துவிட வேண்டும். சர்க்யூட்காரர் கோடுக்காரருக்குப் போட்ட 5, பதினாறில் ஐந்து, அதாவது 0.3125 ஆகிறது. கறார் பேர்வழி போட்ட 3, பத்தில் மூன்று, 0.3. இப்போது நால்வர் கையிலும் சரியாக ஒரு ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அதை நான்கு பேருக்கும் பங்கு வைக்கிறார்கள். கஞ்சனிடமும் ஒரு ரூபாய்தான், தாராளக்காரனிடமும் ஒரு ரூபாய்தான்.

கடைசியில் ஒவ்வொருவர் கையில் வந்து சேர்ந்ததைக் கூட்டினால் அவர் பங்கு எண் கிடைக்கும். சர்க்யூட்காரருக்கு 1.1125, கோடுக்காரருக்கு 1.175, ரிப்போர்ட் பெண்ணுக்கு 1.1125, கடைசி ஆளுக்கு 0.6. நான்கையும் கூட்டினால் 4. எல்லோரும் சமமாக உழைத்திருந்தால் ஆளுக்கு 1 வந்திருக்கும்.

இதை 80ஆல் பெருக்கினால் 89, 94, 89, 48.

பார்த்தவுடன் திருப்தி தரும் எண்கள் இவை. ஆனால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கருவிக்கு 80 மார்க்தான் தகுதி என்று தேர்வாளர் தீர்மானித்திருக்கிறார். அதே கருவியைக் காட்டிய கோடுக்காரருக்கு 94 எங்கிருந்து வந்தது? கடைசி ஆள் விட்டுக்கொடுத்த பங்கு மற்ற மூவருக்கும் பிரிந்து போனதால் வந்தது. மூன்று பேர் சேர்ந்து நான்கு பேர் வேலையைச் செய்தார்கள் என்ற வகையில் அதில் நியாயம் உண்டு. ஆனால் வேறொரு பேட்ச்சில் நான்கு பேரும் ராப்பகலாக உழைத்து அதே 80 தரத்தில் ஒரு கருவி செய்திருந்தால், அவர்கள் எல்லோருக்கும் 80தான். சோம்பேறி ஒருவர் கூட இருப்பது மற்றவர்களுக்கு லாபம் என்றாகிவிடும். பங்கு எண் ஒரு பேட்ச்சுக்குள் மட்டுமே பேசும். அடுத்த பேட்ச்சோடு ஒப்பிட அதற்கு வாய் கிடையாது. இதைப் புரிந்துகொள்ளாமல் சூத்திரத்தைக் கையில் எடுக்கிற ஆசிரியர்தான் பிறகு மாணவர்களிடம் மாட்டிக்கொள்கிறார்.

இதற்கு மூன்று விதமான கடிவாளங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, குழு மார்க்கில் ஒரு பகுதியை மட்டும் பங்கு எண்ணால் பெருக்குவது. பாதிக்குப் பாதி என்று வைத்தால் நமது பேட்ச்சுக்கு 84.5, 87, 84.5, 64 வரும். இரண்டாவது, சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்பார்க் முறை. அது பெருக்குவதற்கு முன் வர்க்கமூலம் எடுக்கிறது. நமது எண்களுக்கு அதைச் செய்து பார்த்தால் ஓரங்கள் உள்ளே இழுபட்டு, கடைசி ஆளுக்கு 62, கோடுக்காரருக்கு 87 என்று நிற்கும். மூன்றாவது, மேலே மட்டும் மூடி போடுவது. அமெரிக்காவின் வடகரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் காஃப்மன், ஃபெல்டர், ஃபுல்லர் மூவரும் 2000இல் விவரித்த முறையில், பங்கு எண் எவ்வளவு வந்தாலும் 1.05க்கு மேல் ஏறாது. அப்படிச் செய்தால் நமது மூவருக்கும் தலா 84, கடைசி ஆளுக்கு 48. உழைத்தவருக்குச் சின்னப் பரிசு, உழைக்காதவருக்குப் பெரிய இழப்பு. மூன்றில் எது சரி என்பதற்குக் கணிதத்தில் விடை இல்லை. அது கல்லூரி எடுக்கவேண்டிய முடிவு. எடுத்த முடிவை வருடத் தொடக்கத்திலேயே மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் மார்க்கை என்ன செய்வது? கடைசி ஆள் தனக்கு 5 போட்டுக்கொண்டார் அல்லவா. சுயமார்க்கை எல்லோருக்கும் நீக்கிவிட்டு, மீதியை வைத்து அதே வகுத்தலைச் செய்தால், சர்க்யூட்காரருக்கும் ரிப்போர்ட் பெண்ணுக்கும் 1.18, கோடுக்காரருக்கு 1.17, கடைசி ஆளுக்கு 0.48. முழுதாகப் பெருக்கினால் அவருக்கு 48க்குப் பதில் 38தான். ஒரே ஒரு பெருந்தன்மையான 5, பத்து மார்க் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. அதனால் சுயமார்க்கைக் கணக்கில் சேர்க்காமல், ஆனால் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். தன்னை 5 என்று நினைப்பவரை மற்ற மூவரும் 2, 1, 2 என்று நினைக்கிறார்கள் என்றால் அங்கே பேசவேண்டிய விஷயம் இருக்கிறது. மார்க்கே போடாமல் டிமிக்கி கொடுப்பவருக்கும் வெப்பிஏயில் வழி உண்டு. நால்வரில் மூவர்தான் மதிப்பிட்டார்கள் என்றால் வந்த கூட்டலை மூன்றில் நான்கால், அதாவது 4/3ஆல் பெருக்கிச் சரிக்கட்டுவார்கள்.

கணக்கு இவ்வளவுதான். சிக்கல் கணக்குக்கு வெளியே இருக்கிறது.

முதல் சிக்கல் நட்பு. "மச்சான், எல்லாருக்கும் அஞ்சு போட்டுருவோம்டா" என்று கேன்டீனில் ஒரு ஒப்பந்தம் போட்டால் போதும், எல்லோருக்கும் 1 வந்துவிடும். சூத்திரம் ஊமையாகிவிடும். இதை முழுதாகத் தடுக்க முடியாது, கடினமாக்கலாம். மதிப்பீட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல், ரிவ்யூ அன்று ஒரே அறையில் தள்ளித் தள்ளி உட்காரவைத்துப் பத்து நிமிடத்தில் வாங்கிவிடலாம். வெறும் எண் மட்டும் கேட்காமல், ஒவ்வொரு எண்ணுக்கும் நடந்த ஒரு சம்பவத்தை இரண்டு வரியில் எழுதச் சொல்லலாம். "நல்லா வேலை பார்த்தான்" என்பது சம்பவம் இல்லை. "பிப்ரவரி இரண்டாம் வாரம் ரிலே எரிந்துபோனது, ரிச்சி ஸ்ட்ரீட் போய் வேறு வாங்கி வந்து அன்று ராத்திரியே மாட்டினான்" என்பது சம்பவம். எல்லோருக்கும் 5 போட்டவர் நான்கு சம்பவம் எழுதத் திணறும்போது ஒப்பந்தம் தானாக வெளியே வரும். வடகரோலினா முறையில் எண்ணே கேட்பதில்லை. அபாரம், திருப்திகரம், சுமார், தலைகாட்டவே இல்லை என்பதுபோல வார்த்தைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஆசிரியர் பிறகு அதை எண்ணாக்குவார். நண்பனுக்கு 5 போடுவது எளிது. வேலைக்கே வராதவனை அபாரம் என்று கையெழுத்துப் போட்டு எழுத அவ்வளவு சுலபமாகக் கை வராது.

இரண்டாவது சிக்கல் பகை, அல்லது பகை என்றுகூடச் சொல்ல முடியாத விலக்கல். மூன்று பேர் ஒரே ஹாஸ்டல் அறை, நான்காமவர் மட்டும் பஸ்ஸில் வந்து போகிறவர். பெண்கள் விடுதியின் கேட் பல கல்லூரிகளில் இருட்டுவதற்குள் மூடிவிடும். பேட்ச் வேலை ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் ஆண்கள் விடுதியில் சூடுபிடிக்கும். "மீட்டிங்குகளுக்கு வந்தாரா" என்று ஒரு கேள்வி வைத்தால், அந்தப் பெண்ணுக்கு மூவரும் மனசாட்சிப்படியே 2 போடுவார்கள். அவர் அறையிலிருந்தபடியே எழுதிய 60 பக்கம் அந்தக் கேள்விக்குள் வராது. எனவே எண்ணைவிடக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓலண்டும் கூட்டாளிகளும் உருவாக்கிய கேட்மி என்ற கருவி ஐந்து கோணங்களில் கேட்கிறது: வேலையில் பங்கு, மற்றவரோடு பழகும் விதம், குழுவைத் தடம் மாறாமல் வைத்திருப்பது, தரத்தை எதிர்பார்ப்பது, தேவையான அறிவும் திறமையும். ஒவ்வொன்றுக்கும் எப்படி நடந்துகொண்டால் எத்தனை மார்க் என்று வாக்கியமாகவே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சாலிடரிங் செய்யும் கை மட்டுமே கண்ணில் படும் பேட்ச்சுகளில், கண்ணில் படாத வேலைக்கும் இப்படித்தான் ஓர் இடம் கிடைக்கும்.

கூட்டுச்சேர்ந்து ஒருவரை மட்டம் தட்டுகிறார்களா என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. மூவர் போட்ட எண்ணும் அச்சடித்ததுபோல ஒன்றாக இருக்கும். எழுதியிருக்கும் குறையில் தேதியோ வேலையோ இருக்காது, குணம்தான் இருக்கும்: "ஒத்துழைப்பு இல்லை", "திமிர்". அப்போது ஆசிரியர் பங்கு எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, தடயத்தைத் தேடவேண்டும்.

தடயம் என்றதும் கணினித் துறைக் கைடுகள் உடனே கிட் பதிவேட்டைத் திறப்பார்கள். ஒரே ஒரு கட்டளை போதும்:

```
git shortlog -sn --all
```

யார் எத்தனை முறை கோடைச் சேர்த்தார்கள் என்று பெயருக்கு நேராக எண் வந்து நிற்கும். 112, 9, 3 என்று வந்தால் வழக்கு முடிந்ததுபோலத் தோன்றும். முடியவில்லை. நல்ல லேப்டாப் ஒருவரிடம் மட்டுமே இருந்தால், மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து யோசித்ததெல்லாம் அவர் பெயரிலேயே பதிவாகும். ஒரு மாற்றத்தையே பத்துத் துண்டாக உடைத்துச் சேர்ப்பவருக்கு எண் ஊதிப்போகும். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரேயொரு வரியைத் திருத்தியவருக்கு 1தான். இந்த எண்ணிக்கைக்கு மார்க் உண்டு என்று மாணவர்களுக்குத் தெரிந்துவிட்டாலோ, அடுத்த வாரம் முதல் எல்லோர் எண்ணிக்கையும் ஏறும், வேலை ஏறாது. ரிப்போர்ட்டைப் பகிர்ந்து எழுதிய கோப்பின் பழைய பதிப்புகளும் இதே ரகம்தான். சாட்சிக்கு ஆகும், தீர்ப்புக்கு ஆகாது. எண்ணிக்கையைவிடத் தேதிகளைப் பார்ப்பது பலன் தரும். எட்டு மாத ப்ராஜெக்ட்டில் ஒருவர் பெயர் கடைசி ஐந்து நாளில் மட்டும் தெரிந்தால், அதைப் பற்றி அவரிடமே கேட்கலாம்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். வைவா முடிந்தபிறகு 0.48 என்று தெரிந்து யாருக்கு என்ன லாபம்? எனவே முதல் ரிவ்யூ முடிந்ததுமே ஒரு முறை, மார்க்கில் சேர்க்காமல், இதே மதிப்பீட்டை நடத்திவிட வேண்டும். கடைசி ஆளைக் கூப்பிட்டு, யார் என்ன போட்டார்கள் என்று காட்டாமல், சராசரியை மட்டும் காட்டினால் போதும். அந்தப் பத்து நிமிடப் பேச்சில் எண்ணுக்குள் அடங்காதது வெளிவரும். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து நடுராத்திரிவரை உணவு டெலிவரி வண்டி ஓட்டுகிறேன் சார் என்பார் ஒருவர். நான் எழுதின கோடை அவங்க தூக்கிட்டாங்க, அப்புறம் எதுவும் கொடுக்கல என்பார் இன்னொருவர். பங்கு எண் இருவருக்கும் ஒன்றுதான். செய்யவேண்டியது வேறு வேறு.

இந்த முறை தோற்றுப்போகும் ஓரிடத்தையும் சொல்லியாக வேண்டும். ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கி வந்த கருவியை வைத்துக்கொண்டு நான்கு பேரும் ஒருவருக்கொருவர் உண்மையாகவே சம மார்க் போடுவார்கள். ஆளுக்கு 1. சம பங்கு, சம காசு. பங்கு எண் இங்கே பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்ட கேள்விதான் போதாது.

அந்த இன்னொரு கேள்வியைத் தனித்தனி வைவாவில்தான் கேட்க முடியும். நான்கு பேரையும் வரிசையாக நிற்கவைத்துக் கேட்பதில்லை. ஒருவரை மட்டும் உள்ளே அழைத்து, மற்றவர்களை வெளியே உட்காரவைத்து, ஆளுக்குப் பத்து நிமிடம். கேள்வியும் மனப்பாடத்துக்கு எட்டாததாக இருக்கவேண்டும். "உங்கள் ப்ராஜெக்ட்டின் நோக்கம் என்ன" என்று கேட்டால் ரிப்போர்ட்டின் முதல் பக்கம் ஒப்பிக்கப்படும். பிளைவுட் பலகையைக் காட்டி, "இந்த சென்சாரை மண்ணிலிருந்து பிடுங்கிக் காற்றில் பிடித்தால் பம்ப் என்ன செய்யும்?" என்று கேட்கலாம். சென்சாரின் இரண்டு முட்களுக்கு நடுவே மண்ணின் ஈரம் வழியாக மின்சாரம் ஓடுகிறது. காற்றில் ஓடாது. மலிவாகக் கிடைக்கும் சென்சார்களில் ஆர்டுயினோ அப்போது 1023க்குப் பக்கமாக ஓர் எண்ணைப் படிக்கும், அதை எலும்பாய்க் காய்ந்த மண் என்று புரிந்துகொள்ளும், பம்ப் ஓடத் தொடங்கும். வேலையைத் தொட்டவருக்கு இது தண்ணீர் பட்ட பாடு. ஒரு முறையாவது சட்டையை நனைத்துக்கொண்டிருப்பார். அடுத்ததாக, "எல்லை எண் 500ஐ 300 ஆக்கினால் செடிக்குத் தண்ணீர் கூடுமா குறையுமா?" காய்ந்தால் எண் ஏறும் என்று தெரிந்தவருக்குத்தான், எல்லையைக் கீழே இறக்கினால் பம்ப் இன்னும் சீக்கிரமாக ஓடத் தொடங்கும் என்பது தெரியும்.

நமது கற்பனை பேட்ச்சை இந்த வைவாவுக்குள் அனுப்பினால் ஒரு சுவாரஸ்யம் நடக்கலாம். சர்க்யூட்காரரும் கோடுக்காரரும் டக்கென்று சொல்லிவிடுகிறார்கள். முப்பதுக்கு 26, 27. கடைசி ஆளும் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறார். வேலை செய்யவில்லை, ஆனால் மெஸ்ஸில் சாப்பிடும்போது சர்க்யூட்காரர் சொன்ன எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். 21. ரிப்போர்ட் எழுதிய பெண் தடுமாறுகிறார். சென்சார் படத்தை அழகாக வரைந்து, அத்தியாயம் மூன்றில் நான்கு பக்கம் எழுதியவர் அவர்தான். கருவியை ஒருநாளும் அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. 13.

உழைத்த பங்கும் கற்றுக்கொண்ட அறிவும் ஒன்றல்ல என்பதால்தான் இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடைக்கக் கூடாது. ஒரு கல்லூரி இப்படிப் பிரிக்கலாம்: கருவிக்கும் ரிப்போர்ட்டுக்கும் சேர்த்து நால்வருக்கும் பொதுவாக 40, பங்கு எண்ணால் பெருக்கப்படும் 30, தனி வைவாவுக்கு 30. கருவியின் தரம் 80 சதவீதம் என்பதால் பொதுப் பகுதியில் எல்லோருக்கும் 32. அடுத்த முப்பதில் எண்பது சதவீதம் 24; அதைச் சுயமார்க் நீக்கிய பங்கு எண்ணால் பெருக்கினால் சர்க்யூட்காரருக்கும் ரிப்போர்ட் பெண்ணுக்கும் 28.3, கோடுக்காரருக்கு 28, கடைசி ஆளுக்கு 11.4. வைவா மார்க்கையும் சேர்த்தால் சர்க்யூட்காரர் 86, கோடுக்காரர் 87, ரிப்போர்ட் பெண் 73, கடைசி ஆள் 64.

ஒவ்வொரு மார்க்குக்கும் இப்போது காரணம் சொல்ல முடியும். கடைசி ஆள் சண்டைக்கு வந்தால், வைவாவில் 21 வாங்கினாய், மற்றவர்கள் எழுதிய சம்பவங்களில் உன் பெயர் இரண்டு இடத்தில்தான் இருக்கிறது என்று காட்டலாம். ரிப்போர்ட் பெண் வந்து கேட்டால் பதில் சொல்வது கடினம். பேட்ச்சில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை, 5 போட்டவரும் உண்டு. நவம்பரில் முதல் மதிப்பீட்டுத் தாள்களிலேயே நால்வரும் அவர் பெயருக்கு நேராக "ரிப்போர்ட், பிபிடி" என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். அப்போதே கைடு ஒரு வாரத்துக்கு வேலையை மாற்றிவிட்டு, ரிப்போர்ட்டைச் சர்க்யூட்காரரிடமும் பிளைவுட் பலகையை இவரிடமும் கொடுத்திருந்தால், சென்சாரைப் பிடுங்கியதும் பம்ப் ஓடுவதை அவர் தன் சட்டையை நனைத்துக்கொண்டே தெரிந்துகொண்டிருப்பார்.